நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய்

பிள்ளையார்பாளையத்தில் உமாபதியை யாரும் ஏமாற்றியது கிடையாது. அதை அவரே சொல்லுவார். அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபத்தைந்து வயது வரை தறியில் உட்கார்ந்து, பிறகு தள்ளுவண்டியில் நூல் மூட்டை தள்ளி, பிறகு மூன்று சக்கர வண்டி, கடைசியில் சொந்தமாக, குட்டி யானை என்று ஊர் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி என்று ஏறி வந்தவர். காந்தி ரோட்டுக் கடைகளின் புடவைக் கட்டுகளும், சாயம் போடப் போகிற பட்டு நூலும் அவர் வண்டியில் போனால் ஒரு நூல் நனையாது என்று பேர்.

கணக்கு அவருக்கு விரல் நுனியில். பேனா எடுக்க மாட்டார். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார். முதலாளி காகிதத்தில் கூட்டி முடிப்பதற்குள் இவர் தொகையைச் சொல்லிவிடுவார்.

"பி.காம் படிச்ச பசங்க மெஷின வெச்சுக்கினு தட்டறானுங்க. நமக்கு ஆண்டவன் கையிலியே மெஷின வெச்சுட்டான்" என்று விரல்களை விரித்துக் காட்டுவார்.

அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

வண்டி வாங்கும்போது கையிலிருந்து இரண்டரை லட்சம் போட்டார். மிச்சம் மூன்றரை லட்சம் பைனான்ஸ். மாதம் பன்னிரண்டாயிரம், முப்பத்தாறு தவணை, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. செக், பாங்கி என்றெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு பைனான்ஸ் ஆபீஸ் கதவு திறக்கும்போது வாசலில் உமாபதி நிற்பார். புது நோட்டாகத்தான் கட்டுவார். ரசீதை வாங்கி, தொகையைப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார்.

"ஏலவாரு, பாத்துக்கோ. ஏழு ஆச்சு" என்பார் மனைவியிடம்.

மனைவி பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரை வைத்தவர்கள், கூப்பிடுவதற்கு வாய் நீளம் வேண்டும் என்று யோசிக்கவில்லை. உமாபதிக்கு ஏலவாரு, மற்றவர்களுக்குக் குழலி.

ஏழு தவணை கட்டியாயிற்று. எட்டாவது வந்தது பங்குனித் திருவிழாவில்.

தெருவுக்கு ஒரு நாள் உபயம் உண்டு. அந்த வருஷம் சாமிக்கு மாலை யார் சாத்துவது என்று பேச்சு வந்தபோது, தெருப் பெரியதனம் பார்க்கும் சிவராஜ், "வண்டி வெச்சிருக்கிறவங்கள்லாம் இருக்காங்கோ, கேப்போமே" என்று உமாபதி முகத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "அவுரு பைனான்ஸ் கட்டிக்கினு இருக்காருபா, பாவம்" என்றார்.

பாவம் என்ற அந்த ஒரு சொல்தான். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்த்துப் பாவம் என்று சொல்வதா?

"மாலை நம்முது. எவ்ளோ ஆவும்?"

"ஆளுயர மாலைன்னா பன்னெண்டாயிரம் ஆவும்ணா."

"போடு."

சட்டைப் பையில் இருந்தது ஐந்தாம் தேதிப் பணம். அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்று இரவு வீதியில் சாமி நின்றபோது மைக்கில், "இன்றைய மாலை உபயம், பிள்ளையார்பாளையம் திரு. உமாபதி குடும்பத்தார்" என்று மூன்று தடவை சொன்னார்கள். உமாபதி கையைக் கட்டிக்கொண்டு, கேளாதவர் போல் நின்றார். மூன்று தடவை என்பதை மட்டும் எண்ணிக்கொண்டார்.

குழலிதான் வீட்டில் கேட்டாள். "ஏங்க, டியூவு?"

"வால்ல கட்டிக்கலாம். கடைசி டியூவுக்கு அப்புறம்."

அவர் சொன்னதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் ஒவ்வொரு புடவைக்கும் கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள். திருவிழா மாதம், கல்யாண மாதம் என்றால், "இந்தப் புடவையில பிடிக்காதீங்க" என்று சொன்னால் போதும். அந்தப் பிடித்தம் கடைசிக்குப் போய்விடும். வட்டி கிடையாது, அபராதம் கிடையாது. அவருடைய அப்பாவுக்கு அப்படித்தான், அவருக்கும் பத்து வருஷம் அப்படித்தான் நடந்தது. கடன் என்பது தறியில் ஏற்றிய பாவு மாதிரி. நடுவில் ஒரு நாள் நெய்யாவிட்டால் முடிகிற நாள் ஒரு நாள் தள்ளும், அவ்வளவுதானே? இதுதான் அவர் கணக்கு.

மே மாதம் ஐந்தாம் தேதி பத்து மணிக்குப் போனார். கவுண்டரில் குமரன் என்ற பையன், வேலைக்கு வந்து ஆறு மாதம் இருக்கும்.

"ஐயா, போன மாசத்து டியூ ஒண்ணு நிக்குதுங்க."

"தெரியும்பா. அத கடைசியில கட்டிக்கிறேன். இந்தா, இந்த மாசத்துது."

"அபராதம் ஓடும் ஐயா."

"எவ்ளோ ஓடும்?"

"நிக்கிற பணத்துக்கு, நூறு ரூபாய்க்கு ஒரு நாளைக்குப் பத்துக் காசு. உங்குளுக்கு நாளைக்குப் பன்னண்டு ரூபா."

உமாபதி சிரித்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பன்னண்டு ரூபாயா? ஒரு டீக் காசு! நான் பயந்தே பூட்டேன்பா." கட்டை விரல் கணுக்களில் ஓடியது. "ஏப்ரல் அஞ்சுலேர்ந்து மே அஞ்சு, முப்பது நாள். முந்நூத்தி அறுவது. பிடி. உமாபதி யாருக்கும் டீக் காசு பாக்கி வெக்க மாட்டான்."

பன்னிரண்டாயிரத்து முந்நூற்று அறுபதை எண்ணி வைத்தார். குமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஐயா, ரெண்டு டியூவையும் சேத்துக் கட்டிட்டா..."

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னியே நான் கணக்கு பாத்தவன். ரசீதக் குடு."

வரிசை நீளமாக இருந்தது. குமரன் ரசீதைக் கொடுத்துவிட்டான்.

ரசீதில் தொகை சரியாக இருந்தது. தவணை எண் என்ற இடத்தில் எட்டு என்று இருந்தது. அது ஒன்பதாவது மாதம். உமாபதி தொகையைப் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. கம்பியில் குத்தினார்.

அதன் பிறகு இருபத்தேழு மாதம் ஒரு ஐந்தாம் தேதியைக்கூட அவர் விடவில்லை. மழை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கட்டினார். அக்கா செத்த மாதம், காரியம் முடிவதற்குள் நடுவில் ஒரு எட்டுப் போய்க் கட்டிவிட்டு வந்தார். கம்பியில் ரசீது ஏறிக்கொண்டே போயிற்று. போனில் அடிக்கடி இங்கிலீஷில் மெசேஜ் வரும். லோன் வேண்டுமா, லோன் வேண்டுமா என்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அழித்துவிடுவார். மகள் சங்கரி ஒருமுறை படித்துவிட்டு, "அப்பா, ஓவர்டியூனு வருதுப்பா" என்றாள். "அது அந்த வால் டியூம்மா. எனக்குத் தெரியும், உனக்கு இன்னாத்துக்கு? நீ போயி பார்மஸி படி" என்றார்.

இதற்கிடையில் இடது முழங்கால் போய்விட்டது. தறிப் பெடலை மிதித்த கால், பிறகு தள்ளுவண்டி, பிறகு நாள் முழுக்க க்ளட்ச். டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்து, "எலும்போட எலும்பு உரசுது, வண்டி ஓட்டறத நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். வயசும் அறுபத்து நாலு. வண்டியை விற்றுவிட்டு, வருகிற பணத்தில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, உட்கார்ந்த இடத்தில் பட்டு நூல், சரிகை விற்பது என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. எழுந்து நின்றவனுக்கு உட்காரவும் ஒரு நேரம் வேண்டும்.

வேணுகோபால் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம் நூல் வியாபாரம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வியாபாரத்தில் நறுக்கென்று பேசுகிறவர்.

"அண்ணா, வண்டிய நீங்க வெச்சிருக்கிற பக்குவத்துக்கே மூணு லட்சத்தி அறுவதாயிரம் தரேன். வெளிய எவனும் மூணு தர மாட்டான். ஆனா ஆயுத பூஜைக்கு வண்டி என் வாசல்ல நிக்கணும். தீபாவளி சரக்கு ஓடணும். ஆர்.சி.யில பைனான்ஸ் பேரு இருக்கக் கூடாது."

"செப்டம்பர் அஞ்சு கடைசி டியூ. அன்னிக்கே கடன் தீந்துச்சுன்னு என்.ஓ.சி. லெட்டரு வாங்கிடுவேன். உமாபதி வாக்கு."

வேணுகோபால் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். அது சங்கரியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அன்று மாலையே போய்விட்டது.

செப்டம்பர் ஐந்து. உமாபதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கம்பியோடு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனார். முப்பத்தைந்து ரசீது. பாவு முழுக்க நெய்து முடித்தவன் மாதிரி ஒரு நிறைவு முகத்தில்.

"தம்பி குமரா, வால வெட்டிடு. பன்னண்டாயிரம். என்.ஓ.சி. லெட்டர எடு."

குமரன் இப்போது மீசை வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"ஐயா, இருபத்தி ரெண்டாயிரத்தி இருநூத்தி நாப்பத்தெட்டு வருதுங்க."

"யாரு கணக்கு அது?"

"உங்க கணக்குதான் ஐயா. டியூ பன்னண்டாயிரம். அபராதம் பத்தாயிரத்தி இருநூத்தி நாப்பத்தெட்டு."

"அபராதந்தான் அன்னிக்கே முந்நூத்தி அறுவது கட்டிட்டேனே!"

"அது அந்த முப்பது நாளுக்கு ஐயா. அதுக்கப்புறம் எண்ணூத்தி அம்பத்தி நாலு நாள் ஆச்சு. நாளைக்குப் பன்னண்டு."

உமாபதியின் கட்டை விரல் தானாகக் கணுக்களில் போய்விட்டு, பாதியில் நின்றது.

"எந்த டியூ நின்னுச்சு எண்ணூத்தி அம்பத்தி நாலு நாளு? நான் மாசாமாசம் கட்டினேனே! ஏப்ரல் ஒண்ணுதானே கட்டல?"

குமரன் அந்தக் கம்பியை வாங்கி, மே மாத ரசீதை விரலால் தொட்டுக் காட்டினான். "இங்க பாருங்க ஐயா. தவணை எண் எட்டு. மே மாசம் நீங்க கட்டினது ஏப்ரலுக்குப் போச்சு. எப்பவும் பழைய பாக்கிதான் மொதல்ல தீரும். அப்ப மே டியூ நின்னுச்சு. ஜூன்ல கட்டினீங்க, அது மே மாசத்துக்குப் போச்சு, ஜூன் நின்னுச்சு. கடைசி வரைக்கும் ஒரு டியூ நின்னுக்கினே வந்துச்சு ஐயா. ஒரு நாளுகூட உங்க கணக்கு சுத்தமா இருந்தது இல்ல."

ஒரு நாள்கூட. இருபத்தெட்டு மாதம் கதவு திறக்கும்போது வாசலில் நின்றவரைப் பார்த்து அந்தப் பையன் சொல்கிறான், ஒரு நாள்கூட இல்லை என்று. உமாபதி ஒவ்வொரு ரசீதாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. எல்லாம் ஒன்று குறைவு. எழுத்துதான் சரியாக வராதே தவிர எண் தெரியாதவரா அவர்? முப்பத்தைந்தும் அவர் கையால் குத்தியவைதான்.

"அன்னிக்கி ரெண்டு டியூவா கட்டியிருந்தா?"

"முந்நூத்தி அறுவதோட முடிஞ்சிருக்கும் ஐயா. அதத்தான் அன்னிக்கிச் சொல்ல வந்தேன்."

"சொல்ல வந்தியா? வந்தவன் சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

குமரன் முகம் சிறுத்தது. ஆனாலும் நல்ல பையன். மெல்லிய குரலில் சொன்னான். "ஐயா, ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பன்னண்டாயிரத்த மொதல்ல டியூவுல கட்டிட்டுப் போங்க. நிக்கிற டியூவுக்குத்தான் அபராதம், அபராதத்துக்கு அபராதம் கிடையாது. இன்னியோட ஓட்டம் நின்னுடும். அபராதத்தக் கொறைக்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. கஷ்டம்னு எழுதுங்க. மேனேஜர் மேல அனுப்புவாரு. பாதியாவது தள்ளுவாங்க. ஒரு வாரத்துல என்.ஓ.சி. வந்துடும்."

"கஷ்டம்னா?"

"ஆமாங்க ஐயா. வருமானம் இல்ல, ஒடம்பு சரியில்ல, கருணை பண்ணுங்கன்னு..."

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பிள்ளையார்பாளையத்துக்காரர். அவர் காது இந்தப் பக்கம் இருந்தது. உமாபதிக்கு அது தெரிந்தது. பாவம் என்ற சொல் மறுபடியும் அங்கே வந்து நின்றது.

"கருணையா? எனக்கா?" பணத்தை வாரி எடுத்தார். புது நோட்டு, ரப்பர் பேண்டு கூட அவிழ்க்கவில்லை. "நானு தள்ளுவண்டி தள்ளி வந்தவன்டா. எவன்கிட்டயும் கை நீட்டினது இல்ல. அபராதம் ஒரு பைசா தர மாட்டேன். நீங்க வந்து எங்கிட்ட கெஞ்சணும்."

"ஐயா, டியூவ மட்டுமாவது வெச்சுட்டுப் போங்க, ஓடிக்கினே இருக்கும்..."

"ஓடட்டும்!"

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது இடது கால் மடங்க மறுத்தது. கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

வீட்டில் குழலி கேட்டாள். "இன்னாங்க, லெட்டரு?"

"அடுத்த வாரம்."

அடுத்த வாரம் என்றும் அதற்கடுத்த வாரம் என்றும் போயிற்று. அவர் போகவில்லை. கடிதம் எழுதவில்லை. பைனான்ஸ்காரனும் கெஞ்ச வரவில்லை. அவனுக்கு என்ன, தூங்கினாலும் நாளைக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டாயிரம் அலமாரியில் ரப்பர் பேண்டோடு கிடந்தது. குழலி அதைப் பார்த்தாள். மகளிடம் மெசேஜைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவர் சாப்பிடும்போது சொன்னாள்.

"நானு வேணா போயி எழுதிக் குடுக்கிறேங்க. என் பேருல கஷ்டம்னு எழுதிக்கிறேன். உங்க பேரு வேணாம்."

"வண்டி யாரு பேருல இருக்குது?"

"உங்க பேருலதான். வலி யாரு கால்ல இருக்குது?"

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

வேணுகோபால் மூன்று தடவை போன் செய்தார். நாலாவது தடவை நேரில் வந்துவிட்டார். ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"அண்ணா, லெட்டரு வந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேல பத்து நாள் ஆவும். இனிமே தாங்காது. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு வண்டி பேசிட்டேன். அந்த அம்பதக் குடுத்துடுங்க."

"என் வாக்க நம்பலியா வேணு?"

வேணுகோபால் செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தபடி சொன்னார். "வாக்க நம்பித்தான் அம்பது குடுத்தேன் அண்ணா. வெளிய இன்னா பேசறாங்கன்னு தெரியுமா? அன்னிக்கி மைக்குல சொன்ன மாலை, பன்னண்டாயிரம்னு நெனச்சோம், இருபத்திரண்டாயிரம் மாலையாமே, அப்படின்றாங்க."

வேணுகோபால் கெட்டவர் இல்லை. வியாபாரி. ஆனால் அன்று அவர் சிரித்த சிரிப்பை உமாபதி சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

குழலியின் இரட்டை வடச் சங்கிலி நகைக் கடன் கடைக்குப் போனது. ஐம்பதாயிரம் வேணுகோபாலுக்கு. மிச்சத்தைக் குழலி கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை, அக்டோபர் ஆறாம் தேதி, உமாபதி பைனான்ஸ் ஆபீசுக்குப் போனார். பத்து மணிக்கு அல்ல. மதியம், வரிசை இல்லாத நேரம். பழைய சட்டை.

குமரன் பார்த்தான். "இன்னியோட எண்ணூத்தி எண்பத்தஞ்சு நாளுங்க. பத்தாயிரத்தி அறுநூத்தி இருபது. டியூவோட இருபத்தி ரெண்டாயிரத்தி அறுநூத்தி இருபது. லெட்டரு எழுதறீங்களா ஐயா? இன்னும் அனுப்பலாம்."

உமாபதி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அலமாரியில் கிடந்ததோடு குழலி கொடுத்ததையும் சேர்த்து எண்ணி வைத்தார். எண்ணும்போது கணுக்களைத் தொடவில்லை. முந்நூற்று அறுபதில் முடிந்திருக்க வேண்டியது. மாலையும் வாடி, நாரும் மட்கிப்போன பிறகு, அதன் விலையில் முக்கால் பங்குக்கு மேல் இன்னொரு தடவை கொடுத்தார்.

குமரன் ரசீதைக் கொடுத்தான். தவணை எண் முப்பத்தாறு. உமாபதி இந்தத் தடவை தொகைக்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்தார்.

என்.ஓ.சி. ஒரு வாரத்தில் வந்தது. வண்டி சுத்தமாக அவர் பேருக்கு வந்தது. விற்பதற்குத் தரகரைக் கூப்பிட்டார். தீபாவளிச் சரக்கெல்லாம் ஏறி முடிந்திருந்தது. தரகர் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "ரெண்டு எண்பது" என்றார். அதில் முன்னறைக் கடையும் முளைக்காது, சங்கிலியும் திரும்பாது, சங்கரியின் மிச்சக் கட்டணமும் அடங்காது. ஆளை அனுப்பிவிட்டார். நகைக் கடனுக்கு இப்போது மாதாமாதம் வட்டி. அதற்கு முதல் தேதி. குழலி அவரைப் போக விடுவதில்லை. அவளே போய்க் கட்டி, சீட்டில் எழுதியிருப்பதை மகளிடம் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

தையில் சிவராஜ் வந்தார், அடுத்த பங்குனிக்கு உபயம் கேட்க. "அண்ணா, இந்த வருஷம் மறுபடியும் மாலை உங்க பேருலியே..."

உள்ளேயிருந்து குழலி குரல் வந்தது. "மாலைக்கி நாங்க இன்னும் கட்டிக்கினு இருக்கோம், வேற வீடு பாருங்க சிவராஜு."

சிவராஜ் உமாபதியைப் பார்த்தார். உமாபதி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். சாயப் பட்டறைக்குப் போக வேண்டிய நூல் மூட்டை ஏற்றியாகிவிட்டது. ஒன்பதரை ஆகிவிட்டது.

எழுந்து போய் வண்டியில் ஏறினார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். க்ளட்சை மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.